பெயர் சுட்டும், சொல் பொருள் தரும்

செய்தியில் ஓர் அயற்சொல் வரும்போது அதை ஒலிபெயர்ப்பதா, மொழிபெயர்ப்பதா என்ற வினாவுக்கு நாம் பெரும்பாலும் மொழிப்பற்றைக் கொண்டே விடை தேடுகிறோம். என் பார்வையில், அச்சொல் அந்த வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும்.

'ஆதார் அட்டையின் ஜெராக்ஸை இணைக்க வேண்டும்' என்று ஒரு செய்தி கூறுகிறது. எந்த நிறுவனத்தின் இயந்திரத்தில் எடுத்த படியானாலும் அங்கே செல்லும். ஆகவே அது பொதுச்சொல். 'நகல்' என்றே எழுதலாம். 'ஜெராக்ஸ் நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது' என்னும்போது வேறு நிறுவனத்தை அங்கே வைக்க இயலாது. அது பெயர், ஒலிபெயர்ப்பே முறை. வேறொரு நிறுவனத்தின் பொருளை அவ்விடத்தில் வைத்தாலும் வாக்கியம் உண்மையாக நிற்குமா என்று பார்த்தால் போதும்.

பெயரை மொழிபெயர்த்தால் நேர்வதைக் 'கீச்சகம்' காட்டுகிறது. ட்விட்டர் என்ற சொல்லின் பொருளைப் பற்றிக்கொண்டு பிறந்த ஆக்கம் அது. 2023 ஜூலையில் அத்தளம் எக்ஸ் எனப் பெயர் மாறியதும் அந்தப் பற்றுக்கோடு போயிற்று. 'முகநூல்' மக்கள் வழக்கில் ஊன்றிவிட்டது. அதை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. எனினும் வழக்கு, அபராதம் பற்றிய செய்தியில் ஃபேஸ்புக் என்ற பெயரே ஆவணத்தோடு பொருந்தும்.

ஆள்பெயரில் சிக்கல் வேறு. அங்கே மொழிபெயர்ப்போர் இல்லை. ஆனால் மூலமொழியை விட்டு ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து ஒலிபெயர்க்கிறோம். ஆங்கிலத்தின் 'டி' என்னும் ஒரே எழுத்து, இந்தியின் தகரத்துக்கும் டகரத்துக்கும் பொதுவாக நிற்கிறது. தமிழிலோ இரண்டும் தனித்தனி எழுத்துகள். பிரதமரின் பெயரில் இந்தியிலும் குஜராத்தியிலும் உள்ளது நாக்கு பல்லைத் தொடும் தகரம். பி.பி.சி. தமிழ் 'மோதி' என எழுதுவது அதனால்தான். பெரும்பாலான ஏடுகளின் 'மோடி' ஆங்கில வழியாக வந்தது. அதே ஏடுகள் நடிகர் சஞ்சய் தத்தை மட்டும் தகரத்தோடு சரியாகவே எழுதுகின்றன. ஆக, குறை தமிழ் எழுத்தில் இல்லை.

நிலைபெற்றுவிட்ட 'மோடி'யை இனி மாற்றினால் வாசகர் பழைய செய்திகளைத் தேடி எடுப்பது கடினமாகும், அதை விட்டுவிடலாம். ஆனால் ஒருவர் பெயர் தமிழ்ச் செய்தியில் முதன்முறை இடம்பெறும் நாளில், அவருடைய தாய்மொழி ஏடு அதை எவ்வாறு எழுதுகிறது என்று துணையாசிரியர் ஒருமுறை பார்க்க வேண்டும். அன்று எழுதும் வடிவமே பின்னர் எல்லா ஏடுகளிலும் நிலைத்துவிடுகிறது.