முதல் நாளே மீன் விற்காதீங்க

வலப்பனையில் வீட்டு முன்பக்கத்திலோ சின்னக் கடையிலோ மீனும் பூச்செடியும் விற்பவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தொட்டி வாங்க வருபவருக்கு அன்றைக்கே மீனைக் கொடுக்காதீங்க.

பத்து கப்பி வாங்கிப்போன பிள்ளை அடுத்த வாரமே வந்து, "எல்லாம் செத்துப்போச்சு அண்ணா" என்கிறது. உடனே கைராசி சரியில்லை என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் கோளாறு தண்ணீரில். மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். அதை மாற்றும் பக்டீரியா புதுத் தொட்டியில் இருக்காது. போதுமான அளவு வளர 4 முதல் 6 கிழமை எடுக்கும், குளிரில் இன்னும் மெதுவாகத்தான் வளரும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் முதலில் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும்.

கடைக்காரரிடமே இதற்கு வழி இருக்கு. நோயில்லாத பழைய தொட்டியின் பில்டர் ஸ்பொஞ்சில் ஒரு துண்டை ஈரம் காயாமல் கொடுத்தால், பக்டீரியாவும் கூடவே போகும். வேர்விட்ட மணி பிளான்ட் கொடி ஒன்றையும் விற்கலாம். அதன் வேர் அந்தக் கழிவை உரமாக எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது குளிர். கப்பிக்கு 22 பாகைக்கு மேல் வேண்டும். ஹீட்டர் இல்லாத வீட்டில் இரவுக் குளிரில் அது சோர்ந்து, உப்புத்தூள் போல வெள்ளைப்புள்ளி நோய் பிடிக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு வைட் கிளவுட் மீன்தான் பொருந்தும்.

அன்றைய வியாபாரம் குறையும்தான். ஆனால் மீன் செத்த வீட்டுக்காரர் தீனி வாங்கக்கூட திரும்பி வரமாட்டாரே!