உயர்வு உண்டு, கணக்கு எங்கே?

தோழர்களே! மருத்துவக் காப்புறுதிச் சந்தா மாதம் 200 வெள்ளியிலிருந்து 300 ஆகிறதெனக் கடிதம் வந்தால், நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பால்வெட்டுக்காரரும் கிராணியும் என்ன செய்வது?

கோபத்தில் சந்தாவை நிறுத்தாதீர். காப்புறுதி முறிந்தால், பழைய நோய்க்குப் புதிய கம்பெனி பணம் தராமல் போகலாம். எழுத்து மூலம் கேளுங்கள்: இந்த 100 வெள்ளியில் வயது கூடியதற்கு எவ்வளவு, மருத்துவச் செலவு உயர்ந்ததற்கு எவ்வளவு? நம் திட்டத்தில் வசூலித்த சந்தா எவ்வளவு, கொடுத்த இழப்பீடு எவ்வளவு?

பிரித்துக் கேட்கக் காரணமுண்டு. செலவைக் காட்டி ஏற்றும் சந்தாவைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டுமென, 2026 இறுதிவரைக்கான ஏற்பாடாக, பேங்க் நெகாரா 2024 டிசம்பரில் அறிவித்தது. அப்பகுதி 75 வெள்ளியானால், சமமாகப் பகிர்ந்தால் முதலாண்டில் அதற்கு 25 வெள்ளிதான்.

பதில் வராவிடில் கடித நகலோடு பேங்க் நெகாராவிடம் முறையிடுவோம். கணக்குக் காட்டாத உயர்வை ஏற்கோம்!