புது மேனேஜரின் முதல் மெயில்

வீரபாண்டி கிளைக்கு நீங்கள் மேனேஜராகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் கொண்ட டீம். சித்திரை மாதம். கௌமாரியம்மன் திருவிழாவுக்கு மூன்று பேர் ஏற்கெனவே லீவு வாங்கிவைத்திருக்கிறார்கள். உங்கள் அறிமுக மெயிலைத் திறக்கும்போது அவர்கள் தேடுவது உங்கள் படிப்பையோ விருதையோ அல்ல. 'பழைய மேனேஜர் கொடுத்த லீவு செல்லுமா?' என்பதற்கான பதிலைத்தான்.

மைக்ரோசாஃப்ட்டின் தலைமைப் பொறுப்பேற்ற 2014 பிப்ரவரி 4 அன்று சத்யா நாதெல்லா ஊழியர்களுக்கு ஒரு மெயில் அனுப்பினார். வயது 46, திருமணமாகி 22 ஆண்டுகள், மூன்று குழந்தைகள், படித்து முடிப்பதைவிட அதிகமாகப் புத்தகம் வாங்கும் பழக்கம் என்று தன்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு, 'நாம் எதற்காக இங்கே இருக்கிறோம், அடுத்து என்ன செய்யப்போகிறோம்' என்று எழுதினார். தன்னைப் பற்றிக் கொஞ்சம், மற்றவர்களுக்குத் தேவையானது அதிகம். இந்த அளவு நமக்கும் பொருந்தும். ஆனால், பெரிய நிறுவனத்துக்குத் தொலைநோக்கு தேவை. எட்டுப் பேருக்கு, நாளை காலை என்ன நடக்கும் என்பது தெரிந்தால் போதும்.

அதனால் எழுதும் முன் பழைய மேனேஜருக்கு போன் போடுங்கள். 'யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், எந்த வேலை பாதியில் நிற்கிறது?' என்று கேளுங்கள். அந்தப் பதவியை எதிர்பார்த்த ஒருவர் டீமில் இருந்தால், மெயில் போகும் முன் அவரிடம் நேரில் அல்லது போனில் பேசிவிடுங்கள். தலைமை அலுவலகத்தின் அறிவிப்பு வந்த பிறகு இப்படி அனுப்பலாம்:

"அனைவருக்கும் வணக்கம். திங்கள் முதல் நமது கிளையின் மேனேஜராகப் பொறுப்பேற்கிறேன். கடந்த ஆறு ஆண்டுகள் கடன் பிரிவில் வேலை பார்த்தேன். ஏற்கெனவே அனுமதித்த திருவிழா லீவுகளில் மாற்றம் இல்லை. தினசரி வேலைமுறையும் இப்போதைக்கு அப்படியே தொடரும். முதல் வாரத்தில் ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேச விரும்புகிறேன். உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள். அவசரம் என்றால் உடனே போனில் அழைக்கலாம்."

'இப்போதைக்கு' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். எதுவுமே மாறாது என்று எழுதிவிட்டு, இரண்டாம் மாதம் மாற்றினால் நம்பிக்கை போய்விடும். சம்பள உயர்வு, இடமாற்றம் போல உங்கள் கையில் இல்லாதவற்றைத் தொடவே வேண்டாம். 'பல மாற்றங்கள் காத்திருக்கின்றன' என்று பொதுவாக எழுதினால், யாருக்கு வேலை போகும் என்ற பேச்சு அன்று மதியமே டீக்கடையில் ஓடும். மேலதிகாரிகளை சிசியில் போட்டால், மெயில் அவர்களுக்காக எழுதியதுபோல் ஆகிவிடும். யாரும் மனம்விட்டுப் பதில் எழுத மாட்டார்கள்.

வந்த பதில்களைப் பாருங்கள். எட்டும் 'வாழ்த்துகள் சார்' என்றே இருந்தால், தயக்கம் இன்னும் போகவில்லை. ஒருவராவது 'செவ்வாய் மூன்று மணிக்கு வரட்டுமா, ஒரு விஷயம் பேசணும்' என்று கேட்டிருந்தால், மெயில் தன் வேலையைச் செய்துவிட்டது.