இடது கைப் பிரேக்கும் இறங்குபாதையும்

குன்னூரில் ஸ்கூட்டர் வைத்திருக்கும் பாதிப் பேருக்கு முன் பிரேக் என்றால் பயம். பிடித்தால் தலைகுப்புறத் தூக்கிப் போட்டுவிடும் என்று ஓட்டக் கற்றுக்கொடுத்த மாமாவோ அண்ணனோ சொல்லி வைத்திருப்பார். அதனால் இடது கை மட்டும் வேலை செய்யும்; வலது கை ஆக்ஸிலரேட்டரோடு சரி. இந்தப் பழக்கம் நாடு முழுக்க உண்டு. ஓட்டுநரைத் திருத்துவதைவிட வண்டியைத் திருத்துவது சுலபம் என்று பிறந்ததுதான் நாம் காம்பி பிரேக் என்று சொல்லும் ஏற்பாடு. ஹோண்டா 2009இல் ஆக்டிவாவில் கொண்டுவந்தது. பிறகு மத்திய அரசு, 125 சிசி வரையிலான வண்டிகளில் இதுவோ ஏபிஎஸ்ஸோ ஏதாவது ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று விதி செய்தது. 2018 ஏப்ரலில் புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரலில் விற்பனையில் இருந்த எல்லா மாடல்களுக்கும் அது அமலுக்கு வந்தது. டிவிஎஸ், ஹீரோ, யமஹா ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தாலும் வேலை ஒன்றுதான்.

உள்ளே பெரிய மாயம் ஏதும் இல்லை. இடது லிவரின் அடியில் ஒரு சிறு தகடு இருக்கிறது. அதிலிருந்து இரண்டு கேபிள்கள் கிளம்புகின்றன: ஒன்று பின் சக்கர டிரம்முக்கு, இன்னொன்று முன் பிரேக்குக்கு. லிவரை இழுத்தால் தகடு நகர்ந்து இரண்டையும் இழுக்கிறது. முன் கேபிளின் பக்கம் ஒரு ஸ்பிரிங் கொஞ்சம் முரண்டு பிடிப்பதால், லேசாகத் தொட்டால் பின் பிரேக் மட்டும் பிடிக்கும். அழுத்த அழுத்த முன் பிரேக்கும் சேர்ந்துகொள்ளும். வலது லிவர் பழையபடி முன் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறது. இது ஏபிஎஸ் அல்ல. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குவதை இது தடுக்காது. பிரேக் விசையைப் பங்கு போடும், அவ்வளவே.

சமவெளி நகரத்துக்காக யோசித்த இந்தச் சாதனம் மலையில் என்ன செய்கிறது? நீலகிரி ரயில் பாதையின் மிகக் கடுமையான சரிவு 12க்கு 1. அதாவது 12 அடி போனால் 1 அடி இறங்கும். ரோட்டிலும் அதே சரிவு என்று வைத்துக்கொண்டு ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். காய்ந்த தார் ரோடு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். பின் பிரேக் மட்டும் பிடித்தால் சமதளத்தில் 12 மீட்டர் வாக்கில் வண்டி நிற்கும். சரிவில் 16 மீட்டர் ஆகிவிடும். இரண்டு லிவரையும் சேர்த்துப் பிடித்தால் சமதளத்தில் ஆறரை, சரிவில் ஏழரை மீட்டர். காம்பியின் இடது லிவர் மட்டும் என்றால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். கவனிக்க வேண்டியது இதுதான்: சரிவு, நல்ல பிரேக்கிலிருந்து ஒரு மீட்டரைத்தான் பறிக்கிறது, பின் பிரேக்கிலிருந்து நான்கு மீட்டரைப் பறிக்கிறது. இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்திருப்பதால் பின் சக்கரத்துக்குத் தரையில் பிடிமானமே குறைவு. ஆக, முன் பிரேக்குக்குப் பயப்படுகிறவருக்கு அது அதிகம் தேவைப்படும் இடம் மலைதான், காம்பி அதிகம் உதவும் இடமும் மலைதான்.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போது, "அண்ணா, இடது பிரேக் புடிச்சா முன்னாடியும் புடிக்குதுங்க, அதைக் கொஞ்சம் லூஸ் பண்ணி விட்ருங்க" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மெக்கானிக்கும் முன் கேபிளின் நட்டைத் தளர்த்திக் கொடுத்துவிடுகிறார். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். "கேக்கறாங்க சார், செஞ்சு குடுக்கலேன்னா அடுத்த கடைக்குப் போவாங்க" என்றார். மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது முன் சக்கரத்தில் பிரேக் விழுந்தால் சறுக்கும் என்ற பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தேயிலை லாரி சிந்திவிட்டுப் போன இலையும் சேறும் கிடக்கும் வளைவில் அது நடக்கும். அதற்கான வழி, வளைவுக்கு முன்பே நேராக இருக்கும்போது வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் இடது லிவரை ஸ்பிரிங் விட்டுக்கொடுக்காத அளவுக்கு லேசாகத் தொடுவது. நட்டைக் கழற்றுவது அல்ல.

உங்கள் வண்டியில் அந்தக் கேபிள் உயிரோடு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். எஞ்சினை அணைத்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின் சீட்டை அழுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். இன்னொருவர் முன் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு இடது லிவரை மெதுவாக இழுக்க வேண்டும். சக்கரம் கொஞ்ச தூரம் சுதந்திரமாகச் சுற்றி, பிறகு கட்டுண்டு நிற்க வேண்டும். லிவர் கைப்பிடியை முட்டியும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் யாரோ நட்டில் கைவைத்திருக்கிறார்கள், அல்லது லைனிங் தேய்ந்திருக்கிறது. எது என்பதை டிரம்மின் வெளிப்பக்கம் காட்டிக்கொடுக்கும். பிரேக்கை முழுக்கப் பிடித்தபோது பிரேக் ஆர்மில் இருக்கும் அம்புக்குறி, மூடியில் இருக்கும் அடையாளத்தைத் தொட்டுவிட்டால் ஷூ மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

இனி சூடு. குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 330இல். இரண்டு பேரும் வண்டியும் சேர்த்து 240 கிலோ என்றால், அந்த 1500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அதில் ஒரு பங்கை எதிர்க்காற்றும் டயரும் எடுத்துக்கொள்கின்றன. மீதியை எஞ்சினோ பிரேக்கோ சுமந்தாக வேண்டும். எஞ்சினுக்குக் கொடுக்காவிட்டால் எல்லாம் அந்த உள்ளங்கை அகல டிரம்களுக்குத்தான். டிரம் சூடானால் விரிகிறது, ஷூ அதைத் தொட இன்னும் தூரம் நகர வேண்டியிருக்கிறது, லிவர் கைப்பிடிக்கு நெருங்கி வருகிறது. பர்லியார் தாண்டும்போது கருகல் வாடை வந்து, காலையில் பாதி தூரத்தில் பிடித்த லிவர் இப்போது முக்கால் தூரம் வந்தால் நிறுத்திக் காத்திருக்க வேண்டிய நேரம். தண்ணீர் ஊற்றக் கூடாது.

இங்கேதான் காம்பியின் மறுபக்கம். தனித்தனி பிரேக் இருந்த பழைய வண்டியில், பின் டிரம் காய்ந்து தளர்ந்தாலும் முன் பிரேக் தொடாமல் குளிர்ச்சியாக இருக்கும்; ஆபத்துக்கு அது கைகொடுக்கும். காம்பி வண்டியில் இடது லிவரையே பிடித்துத் தேய்த்துக்கொண்டு இறங்கினால் இரண்டும் சேர்ந்து சூடாகின்றன. சூடு பங்கிடப்படுவதால் தளர்ச்சி தாமதமாக வரும், உண்மைதான். ஆனால் வரும்போது ஒதுக்கி வைத்த கையிருப்பு எதுவும் இருக்காது. மலை ரயிலில் எஞ்சினுக்குத் தனி பிரேக்குகள், ஒவ்வொரு பெட்டிக்கும் தனி பிரேக்மேன் என்று வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். முன்னால் டிஸ்க் உள்ள மாடல் சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும், இறங்குபாதையில் தினம் போகிறவருக்கு அந்தக் கூடுதல் விலை தகும்.

சரி, சூட்டைச் சுமக்க வேண்டிய எஞ்சினையே அணைத்துவிடும் ஐடில் ஸ்டாப்புக்கு வருவோம். புது ஸ்கூட்டர்களில் வண்டி நின்று சில நொடிகள் ஆனதும் எஞ்சின் தானே அணையும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் சத்தமில்லாமல் உயிர் பெறும். கரன்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரே செல்ஃப் மோட்டாராகவும் வேலை செய்வதால் பழைய 'கிர்ர்' சத்தம் இல்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்ட் அருகே ரயில் கேட் போட்டால், சேரிங் கிராஸில் சீசன் நெரிசலில் சிக்கினால், இது நல்ல வசதி. மிச்சம் எவ்வளவு? சும்மா ஓடும் சின்ன எஞ்சின் மணிக்கு 150 முதல் 200 மில்லி வரை குடிக்கும் என்று வைத்தால், தினம் பத்து நிமிடம் நிற்பவருக்கு 25 முதல் 33 மில்லி. லிட்டர் நூறு ரூபாய்க் கணக்கில் இரண்டரை ரூபாய்க்கு மேல், மூன்றரைக்குள். சென்னைக்காரருக்கு இன்னும் கூடும். ஊட்டியில் பனி விழும் காலையில் இது வேலையே செய்யாது. எஞ்சின் போதுமான அளவு சூடேறாவிட்டாலும், பேட்டரி சோர்ந்திருந்தாலும் அணைக்க மறுக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். வண்டி பழுது என்று சர்வீஸுக்கு ஓட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது இறக்கத்தில் நிற்கும்போது. மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. பஸ் வளைவில் திரும்ப, நீங்கள் ஓரமாக நிற்கிறீர்கள். எஞ்சின் அணைகிறது. பஸ் போய்விட்டது. கேட்கவா வேண்டும், சரிவுதானே, பிரேக்கை விட்டால் வண்டி தானே உருள்கிறது. ஆக்ஸிலரேட்டரைத் தொடவே இல்லை. திருகினால்தான் எஞ்சின் எழும்பும். எனவே அது அணைந்தபடியே இருக்கிறது, நீங்கள் அணைந்த எஞ்சினோடு அடுத்த கொண்டை ஊசிக்குள் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பிரேக் கேபிளால் இயங்குவதால் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் சூடு முழுக்க டிரம்முக்கு.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் இந்தச் சிக்கல் அரைவாசி உண்டு. ஸ்கூட்டரின் கிளட்ச் எஞ்சின் வேகத்தில் விரிந்து பிடிக்கும் வகை. வேகம் நன்றாகக் குறைந்து கிளட்ச் ஒருமுறை விட்டுவிட்டால், வண்டி சரிவில் எவ்வளவு வேகமாக உருண்டாலும் தானாகத் திரும்பப் பிடிக்காது. ஏனென்றால் அதன் ஷூக்கள் எஞ்சின் பக்கம் சுழல்கின்றன, சக்கரத்தின் பக்கம் அல்ல. எனவே நின்று கிளம்பும்போதும், தவழ்ந்து திரும்பி வளைவை விட்டு வெளியே வரும்போதும், ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகி கிளட்ச் கவ்வுவதை உணர்ந்த பிறகு கையை எடுக்க வேண்டும். அப்போது எஞ்சின் முனகலோடு வண்டி இழுத்துப் பிடிபடும். வழியெங்கும் 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள், கியரே இல்லாத ஸ்கூட்டர்காரருக்கு அதன் பொருள் இந்த ஒரு திருகல்தான்.

ஏற்றத்தில் ஐடில் ஸ்டாப் வேறு மாதிரி. திருகியதும் எஞ்சின் எழும்பி, பிறகு கிளட்ச் பிடிக்கும் வரையிலான ஒரு கணத்தில் வண்டி பின்னால் நழுவும். இடது லிவரை விடாமல் பிடித்தபடி திருகி, கிளட்ச் கவ்வியதும் விட்டால் நழுவாது. ஐடில் ஸ்டாப்பை அணைக்க வலது கைப்பிடி அருகே பெரும்பாலான மாடல்களில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. குன்னூரைத் தாண்டி இறங்குபாதை தொடங்கும்போது அதை அணைத்துவிட்டு, மேட்டுப்பாளையம் சமதளத்துக்கு வந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அந்தச் சுவிட்சைப் பார்த்தே இராதவர்கள் நம்மூரில் நிறைய. கையேட்டில் அதன் படம் இருக்கும். கையேடு சீட்டுக்கு அடியில், உறை கூடப் பிரிக்காமல், பெரும்பாலும் ஸ்பேர் சாவியோடு சேர்ந்து கிடக்கும்.