ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி போதும்

முப்பது வருடம் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அதைப் பதிவு செய்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் எழுதி, அழகாக ஃபிளாஷ் கார்டு வைத்திருக்கிறாள். ஒரு அட்டையின் முன்பக்கம் "ஹேபர் முறை" என்று மட்டும் இருந்தது. பின்பக்கம் ஏழு வரி. சமன்பாடு, வெப்பம், அழுத்தம், இரும்பு வினையூக்கி எல்லாம் அதில் அடக்கம். தினமும் அதை ஒப்பித்து, "தெரியும்" என்ற கட்டில் போட்டுவிடுவாள்.

நான் சும்மா கேட்டேன். "ஏம்மா, வெப்பநிலையை ஏற்றினா அம்மோனியா கூடுமா, குறையுமா?"

"கூடும் சார். சூடு ஏத்துனா வினை வேகமா நடக்கும்ல."

வேகமாக நடக்கும் என்பது சரி. கூடும் என்பது தவறு. முன்னோக்கிய வினை வெப்ப உமிழ்வினை. அதனால் சூடேற்றினால் சமநிலை பின்னோக்கி நகரும், அம்மோனியா குறையும். ஏழு வரியில் ஆறு வரி சரியாக வந்ததால், ஏழாவது வரி தவறு என்பது அவளுக்கே தெரியவில்லை. வாரக்கணக்கில் அந்தத் தவறும் "தெரியும்" கட்டிலேயே இருந்திருக்கிறது. குறை பிள்ளையிடம் இல்லை, அட்டையில் இருக்கிறது என்பது என் கருத்து.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அட்டையைத் திருப்பிப் பார்த்ததும் "பாதி சரி" என்று சொல்லத் தோன்றினால், அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெட்டிப் பிரிக்க வேண்டியதுதான்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். எல்லா அட்டையிலும் முன்பக்கம் இந்தச் சமன்பாடு இருக்கும்:

N₂ + 3H₂ ⇌ 2NH₃

அதன் கீழே ஒரே ஒரு கேள்வி.

1. முன்னோக்கிய வினையில் வெப்பம் வெளிவருமா, உறிஞ்சப்படுமா? (வெளிவரும்)
2. வெப்பநிலையை உயர்த்தினால், சமநிலையில் NH₃ அளவு? (குறையும்)
3. வெப்பநிலையை உயர்த்தினால், சமநிலையை எட்டும் நேரம்? (குறையும்)
4. அழுத்தத்தை உயர்த்தினால், சமநிலையில் NH₃ அளவு? (கூடும்)
5. அது ஏன்? (நான்கு மோல் வாயு இரண்டு மோலாகக் குறையும் பக்கம் நகரும்)
6. இரும்பு வினையூக்கி சேர்த்தால், சமநிலையில் NH₃ அளவு? (மாறாது)

இரண்டாவதையும் மூன்றாவதையும் பாருங்கள். அவள் மனதில் ஒட்டிக்கொண்டு கிடந்த இரண்டு கருத்துகள் இவைதான்: எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும். தனித்தனி அட்டையானதும் ஒன்று "தெரியும்" கட்டுக்குப் போனது, மற்றது "தெரியாது" கட்டுக்கு வந்தது. எதைப் படிக்க வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஆறாவது அட்டையிலும் தடுமாறினாள். வினையூக்கி இரண்டு திசை வினைகளையும் ஒரே அளவு வேகப்படுத்துவதால் சமநிலை நகராது.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. "கூடுமா, குறையுமா" என்று மட்டும் கேட்டால் பிள்ளை பூவா தலையா போட்டே பாதி மதிப்பெண் வாங்கிவிடும். அதனால்தான் "மாறாது" என்ற மூன்றாவது விடைக்கும் இடம் வைத்தோம். "ஏன்" என்பதைத் தனி அட்டையாக்கினோம். இன்னொன்று, அட்டையின் முகத்தைப் பார்த்தே விடை வந்துவிடும். அதற்கு வேறொரு வினையைக் கலந்து வைத்தோம்: N₂O₄ ⇌ 2NO₂. இதில் முன்னோக்கிய வினை வெப்பம் கொள்வினை. சூடேற்றினால் NO₂ கூடும், பழுப்பு நிறம் அடர்த்தியாகும். இதிலும் பழக்கதோஷத்தில் "குறையும்" என்று சொன்னால், கருத்து புரியவில்லை, விடைதான் மனப்பாடம் ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர், "இப்படித் துண்டு துண்டாக்கினால் பாடம் சிதறிப் போகாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அட்டையால் கோர்த்துக் காட்ட முடியாது, அது உண்மை. அதனால் கோர்க்கிற கேள்வியை நோட்டில் எழுத வைத்தேன்: "குறைந்த வெப்பநிலையில்தான் அம்மோனியா அதிகம் கிடைக்கும் என்றால், தொழிற்சாலையில் 450 டிகிரி செல்சியஸ் அளவில் ஏன் வைக்கிறார்கள்?" குறைந்த சூட்டில் விளைச்சல் அதிகம்தான், ஆனால் வினை ஆமை வேகம், அதனால் வினையூக்கியையும் போட்டு, நடுவில் ஒரு வெப்பநிலையில் சமரசம். 2, 3, 6 அட்டைகள் கையில் இருந்ததால் அவளே கோர்த்து எழுதினாள். மணி தனியாக இல்லாமல் மாலை கட்ட முடியாதே.

வகுப்பில் "ஹேபர் முறையை விளக்குக" என்று கேட்டு, ஐந்துக்கு நான்கு போட்டு எத்தனை பிள்ளைகளை அனுப்பியிருப்பேன்! குறைந்த அந்த ஒரு மதிப்பெண்ணில் என்ன போனது என்று நானும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

வீட்டில் பிள்ளைகள் அட்டை வைத்திருந்தால், இன்று ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் எத்தனை வரி இருக்கிறது என்று கமெண்டில் சொல்லுங்கள்.