சைலிட்டால் சூயிங்கம்: காப்பது இனிப்பா, உமிழ்நீரா?

சிங்கப்பூரில் 1992ல் சூயிங்கம் விற்பனை தடைசெய்யப்பட்டது. 2004ல், பல் நலனுக்கான சர்க்கரையில்லாச் சூயிங்கத்தைப் பல் மருத்துவர்களும் மருந்தாளர்களும் விற்க அனுமதி கிடைத்தது. மருந்தாளரிடம் கிடைக்கிறது என்பதாலேயே அதைப் பற்களுக்கான மருந்தாக எண்ணிவிடக்கூடாது.

பல் சொத்தையாவது எப்படி என்று முதலில் பார்ப்போம். இடைவேளையில் ஒரு மாணவர் பபிள் டீ அருந்துகிறார். அதிலுள்ள சர்க்கரையை வாய்க் கிருமிகள் உண்டு, சில நிமிடங்களில் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலிலிருந்து தாதுக்களைக் கரைக்கிறது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களைத் திரும்பக் கொடுக்கிறது. அதற்கு அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

சூயிங்கம் உதவுவது இங்கேதான். சாப்பிட்டு முடித்ததும் 20 நிமிடம் மென்றால் உமிழ்நீர் பல மடங்கு சுரந்து, அமிலம் விரைவில் தணிகிறது. ஆனால் அதே மாணவர் பபிள் டீயை வகுப்பு முடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால், ஒவ்வொரு மிடறும் அமிலத்தை மீண்டும் தொடங்கிவைக்கும். அந்த நிலையில் சூயிங்கத்தால் ஈடுகொடுக்க முடியாது.

அப்படியானால் சைலிட்டாலின் பங்கு என்ன? அது இனிப்பாக இருந்தாலும், சொத்தையை உண்டாக்கும் முக்கியக் கிருமியால் அதை அமிலமாக்க முடியாது. 1970களில் பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த ஆய்வில், சைலிட்டால் சூயிங்கம் மென்றவர்களுக்குச் சொத்தை குறைவாக இருந்தது. ஆனால் அவர்களுடன் ஒப்பிடப்பட்டவர்கள் சர்க்கரைச் சூயிங்கம் மென்றவர்கள் என்பதை மறக்கக்கூடாது. 2015ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, சைலிட்டால் சூயிங்கம் சொத்தையைத் தடுக்கும் என்று முடிவுசெய்யப் போதிய சான்று இல்லை என்றது. எனவே, கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு மெல்லுவதாலும் சர்க்கரை இல்லாததாலும் வருவது என்று கொள்வதே நியாயம்.

வாய் மணமும் இப்படித்தான். புதினா மணம் சிறிது நேரம் நாற்றத்தை மறைக்கும். உமிழ்நீர் உணவுத் துணுக்குகளைக் கழுவும். நாற்றம் பெரும்பாலும் நாக்கின் பின்பகுதியில் படியும் கிருமிகளாலும் ஈறு நோயாலும் வருகிறது. சூயிங்கம் அவற்றை நீக்காது. மணம் போனதும் நாற்றம் திரும்பினால், நாக்கைச் சுத்தம் செய்து, பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது பொட்டலத்தின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்க்கைப் பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் இருக்கும். சோர்பிட்டால் முதலில் வந்து, சைலிட்டால் கடைசியில் வந்தால் அது பெயரளவுக்கே இருக்கிறது. அதிகம் மென்றால் வயிறு உப்பும், வயிற்றுப்போக்கும் வரலாம். தாடை வலித்தால் நிறுத்திவிட வேண்டும். வீட்டு நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது; சைலிட்டால் அதற்கு நஞ்சு.

பல் துலக்க வழியில்லாத மதிய நேரத்துக்குச் சூயிங்கம் நல்ல துணை. ஃபுளோரைடு பற்பசையால் காலையும் இரவும் துலக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது.