பிஜி சுவரில் இல்லாத ஒரு விதி

1/ ஓ.எம்.ஆர். பக்கம் எந்த பிஜிக்குப் போனாலும் சுவரில் விதிகள் ஒட்டியிருக்கும். ராத்திரி பத்துக்கு கேட் மூடப்படும், கெஸ்ட் கூடாது, அயர்ன் பாக்ஸ் கூடாது. எல்லாமே தங்குறவங்களுக்குத்தான். சம்பு கடைசியா எப்போ கழுவினாங்கன்னு ஒரு வரி இருக்கா? தேடிப் பாருங்க.

2/ "எங்க பிஜில ஆர்ஓ தண்ணி சார்"னு சொல்வீங்க. சரி, பல் தேய்க்கிறது? தட்டு, டம்ளர் கழுவுறது? சட்னி அரைக்கிறது? அதெல்லாம் சம்புத் தண்ணி. செப்டிக் டேங்க் பக்கத்திலேயே சம்பு, நடுவுல ஒரு விரிசல். ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலைக்கு இது போதும்.

3/ ஒருத்தருக்கு மஞ்சள் காமாலைன்னா ஓனர் உடனே சொல்றது: "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடும்மா." அக்கறை மாதிரி தெரியும். ஆனா கண்ணு மஞ்சளாகுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வைரஸ் மலத்தில் வெளியேற ஆரம்பிச்சிடும். கிருமி உள்ளே போய் நோய் தெரிய சராசரியா 28 நாள் ஆகும். அதனால அனுப்பினது நோயாளியை மட்டும்தான். காரணம் சம்புலயே இருக்கு.

4/ ஒரு கணக்கு போடுவோம். 24 பேர், ஆளுக்கு 8,000 ரூபாய். மாசம் 1,92,000. சம்பு 5,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர்னா, ஒரு தடவைக்கு 12.5 கிராம். தினம் ஒருமுறை சம்பு நிறைஞ்சா மாசத்துக்கு 375 கிராம். இதுக்கு ஆகுற செலவு வசூல்ல ஒரு தூசு. வெகேட் பண்ணும்போது "மெயின்டனன்ஸ்"னு ஒரு மாச அட்வான்ஸைப் பிடிக்கிறீங்களே, எதை மெயின்டெயின் பண்ணீங்க?

5/ பவுடரை ஒரு பக்கெட்ல கரைச்சு, தெளிஞ்ச நீரை மட்டும் ஊத்தி, அரை மணி நேரம் விடணும். அப்புறம் குளோரின் டெஸ்ட் கிட்ல குழாய்த் தண்ணியைப் பாருங்க. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும். சரியா போட்டும் பூஜ்யம்னு வந்தா, உள்ளே ஏதோ அழுக்கு குளோரினைத் தின்னுதுன்னு சந்தேகப்படணும். அங்கே பவுடரைக் கூட்டுறது தீர்வு இல்ல. சம்பை இறைச்சுக் கழுவி, விரிசலை அடைக்கணும்.

6/ தங்குறவங்களுக்கு: காய்ச்சல், குமட்டல், சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு, அப்புறம் கட்டன் டீ நிறத்தில் சிறுநீர் வந்தா டாக்டரைப் பாருங்க. ஒரே பிஜில ரெண்டாவது ஆளுக்கும் வந்தா தற்செயல்னு விடாதீங்க. மாநகராட்சி சுகாதார ஆய்வாளர்கிட்ட சொல்லுங்க. தண்ணி மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

7/ அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி வைஃபை பாஸ்வேர்டு கேக்குறீங்கல்ல? சம்பு மூடியையும் திறந்து காட்டச் சொல்லுங்க. காட்ட மறுக்கிற இடத்துக்கு எவ்வளவு வாடகை கொடுத்தாலும் அது நியாய வாடகை இல்ல.